டிக்-டாக்-டோ மதிப்பு அட்டவணை: யாரோடு ஆடவிட்டுப் பழக்குவது?

டிக்-டாக்-டோ ஆடும் நிரலுக்குக் கற்றல் தேவையே இல்லை. வெறுங்கட்டத்தையும் சேர்த்து இந்த ஆட்டத்தில் வரக்கூடிய நிலைகள் மொத்தம் 5,478 தான். இரு பக்கமும் மிகச் சிறந்த நகர்வையே ஆடும் என்று கொண்டு கணக்கிடும் மினிமேக்ஸ் முறையில் எல்லாவற்றையும் அலசி எங்கே வெற்றி, எங்கே சமன், எங்கே தோல்வி என்று எழுதி வைக்கப் பழைய மடிக்கணினிக்குக்கூட நொடிக்கணக்குதான் ஆகும். அப்படியிருந்தும் தானே ஆடிக் கற்கும் நிரலை முதன்முதலில் எழுதுகிறவர்கள் பெரும்பாலும் இந்த ஆட்டத்தையே எடுக்கிறார்கள். விடைத்தாள் கையில் இருப்பதால்தான். நிரல் உண்மையிலேயே கற்றதா, கற்றதுபோலத் தெரிகிறதா என்று இங்கே ஒவ்வொரு நிலையாகச் சரிபார்க்க முடியும். செஸ்ஸில் அதைச் செய்ய முடியாது.

எழுதத் தொடங்கியதும் சில முடிவுகளை எடுத்தாக வேண்டும். அவற்றில் பெரியது, நிரலை யாரோடு ஆடவிட்டுப் பழக்குவது என்பது. கண்டபடி ஆடும் எதிராளியோடா, தவறே செய்யாத எதிராளியோடா, தன்னோடேயா? இதில் எதை எடுத்தாலும் நிரல் ஏதோ ஒன்றைக் கற்றுக்கொள்ளும். எதைக் கற்கிறது என்பதில்தான் வித்தியாசம்.

முதலில், நிரல் தான் கற்றதை எழுதிவைக்கும் அட்டவணை எப்படி இருக்கும் என்று சொல்லிவிடுகிறேன். ஒரு வரிசைக்கு ஒரு நிலை. ஒன்பது எழுத்துச் சரம் ஒன்றும் அதற்கு எதிரே ஓர் எண்ணும். எண் எப்போதும் எக்ஸின் பார்வையில் இருக்கட்டும்: எக்ஸ் வென்ற நிலைக்கு 1, ஓ வென்ற நிலைக்கு 0, சமனுக்கு 0.5. முடிந்துபோன நிலைகளுக்கு இந்த எண்களை முதலிலேயே போட்டுவிடலாம். மற்ற எல்லாவற்றுக்கும் தொடக்கத்தில் 0.5. அடுத்து யார் ஆட வேண்டும் என்பது குறிகளை எண்ணினாலே தெரிந்துவிடும், தனியாகக் குறிக்க வேண்டாம். நிரல் தன் முறை வரும்போது, எந்தெந்தக் கட்டத்தில் குறி போட்டால் எந்தெந்த நிலை வரும் என்று பார்க்கும். எக்ஸாக ஆடினால் பெரிய எண்ணுள்ள நிலைக்கும், ஓவாக ஆடினால் சிறிய எண்ணுள்ள நிலைக்கும் போகும்.

நிலைக்கு மதிப்பு வைக்காமல் நிலையும் நகர்வும் சேர்ந்த ஜோடிக்கு மதிப்பு வைப்பவர்களும் உண்டு. டொனால்ட் மிச்சி 1961-இல் தீப்பெட்டிகளால் செய்த மெனஸ் இயந்திரம் அந்த வகைதான். பிற்காலக் கணக்குப்படி 304 பெட்டிகள், ஒவ்வொரு பெட்டியிலும் நகர்வுக்கு ஒரு நிறமாக மணிகள். வென்றால் மூன்று மணி கூடும், சமனானால் ஒன்று கூடும், தோற்றால் எடுத்த மணி போய்விடும். அழகான வேலைதான். ஆனால் நம் கணக்குக்கு அது வீண்செலவு. ஜோடிகள் 16,167 வரும், நிலைகள் 5,478 தான். இரண்டு வேறு வழியாக ஒரே நிலைக்கு வந்து சேர்ந்தால், நிலை அட்டவணை அதை ஒரே வரிசையாகக் கற்கும்; ஜோடி அட்டவணை இரண்டு முறை கற்க வேண்டும். பலகையைச் சுழற்றினாலும் திருப்பினாலும் ஒன்றாகத் தெரியும் நிலைகளைச் சேர்த்துவிட்டால் 765 வரிசைகளே மிஞ்சும். முதல் தடவையே அதைச் செய்யாதீர்கள் என்பேன். சுழற்சியில் ஒரு எண் பிசகினால் வெவ்வேறு நிலைகள் சத்தமில்லாமல் ஒன்றாகிவிடும், அதைக் கண்டுபிடிப்பது பெரும்பாடு. 5,478 ஒன்றும் பெரிய எண் அல்ல.

இனி எதிராளிக்கு வருவோம். மூன்று வழிகளையும் ஒரே நிலையில் வைத்து உரசிப் பார்க்கலாம். கட்டங்களுக்கு இப்படி எண் வைத்துக்கொள்வோம்:

```
1 2 3
4 5 6
7 8 9
```

எக்ஸ் 1-இல் தொடங்குகிறது. ஓ நடுவில், அதாவது 5-இல் போடுகிறது. எக்ஸ் எதிர்மூலையான 9-ஐ எடுக்கிறது. இப்போது ஓவின் முறை:

```
X . .
. O .
. . X
```

பள்ளி நோட்டின் கடைசிப் பக்கத்தில் ஆடியவர்களுக்கு இந்தப் பொறி நினைவிருக்கலாம். ஓ ஒரு மூலையை, 3 என்று வைத்துக்கொள்வோம், எடுத்தால் தோல்வி. 7-இல் ஓவின் மிரட்டல் இருப்பதால் எக்ஸ் 7-இல் போட்டுத் தடுக்கும். தடுத்த அந்தக் குறியே 4-லும் 8-லும் ஒரே நேரத்தில் மிரட்டும். இரண்டையும் ஓவால் அடைக்க முடியாது. ஓ 2 போன்ற ஓரக் கட்டத்தை எடுத்தால் சமன். ஆக, சரியாக ஆடினால் எக்ஸின் பார்வையில் மூலைப் பதிலின் மதிப்பு 1, ஓரப் பதிலின் மதிப்பு 0.5. இந்த அரை எண் இடைவெளியை நிரல் கண்டுகொள்ளுமா என்பதுதான் கேள்வி.

கண்டபடி ஆடும் எதிராளியை முதலில் பார்ப்போம். எழுதுவதற்கு ஒரே வரிதான் என்பதால் பலரும் இங்கேதான் தொடங்குகிறார்கள். நம் நிரல் ஓ, எதிராளி எக்ஸ், மீதமுள்ள கட்டங்களில் எதையாவது குருட்டாம்போக்கில் எடுக்கும். ஓ 3-இல் போட்டபின் ஐந்து கட்டங்கள் காலி. எக்ஸ் 7-ஐ எடுக்க ஐந்தில் ஒரு வாய்ப்பு. மற்ற நான்கில் ஓ அடுத்த நகர்விலேயே வென்றுவிடும். 7-ஐ எடுத்தாலும்கூட ஓ 4-ஐ அடைத்தபின் எக்ஸ் 8-இல் போட மூன்றில் ஒரு வாய்ப்புதான். அது தவறவிட்டால் ஓவுக்குச் சமனோ வெற்றியோ கிடைக்கும். எல்லாவற்றையும் கூட்டிப் பார்த்தால், ஓவின் பார்வையில் தோற்க வேண்டிய மூலைப் பதிலுக்குச் சராசரியாக 0.9 கிடைக்கிறது. ஓரப் பதிலுக்கு 0.967.

வரிசை சரிதான், ஓரமே மேல். ஆனால் 0.5 இருக்க வேண்டிய இடைவெளி 0.067 ஆகச் சுருங்கிவிட்டது. ஒவ்வொரு திருத்தத்திலும் பழைய எண் புதிய முடிவை நோக்கி எவ்வளவு பங்கு நகரும் என்பதைச் சொல்லும் கற்றல் வேகமான ஆல்பாவை 0.1 என வைத்து, ஆட்ட முடிவை நேராகக் கொண்டே மதிப்பைத் திருத்தினால், மூலைப் பதிலின் எண் நிலைகொள்ளாமல் தன் சராசரியைச் சுற்றி 0.06 அளவுக்கு ஆடிக்கொண்டே இருக்கும். இடைவெளியும் இந்த ஊசலாட்டமும் ஏறக்குறைய ஒரே அளவு. பயிற்சியை எந்த நேரத்தில் நிறுத்துகிறோமோ அந்த நேரத்தில் எது மேலே இருக்கிறதோ அதுவே நிரலின் முடிவு. கண்டபடி ஆடுபவனை இந்த நிரல் வெளுத்துவாங்கும். வரைபடத்தில் வெற்றி விகிதம் அழகாக ஏறும். விவரமான பத்து வயதுப் பிள்ளையிடம் அது தோற்கவும் கூடும்.

இதற்கு நேர் எதிரான வழி, மினிமேக்ஸ் எதிராளியை வைத்துப் பழக்குவது. பொறி உடனே தெரிந்துவிடும்: மூலையில் போட்ட ஒவ்வொரு முறையும் தோல்வி, எண் வேகமாகச் சரியும். பாதுகாப்பைக் கற்க இதைவிட வேகமான வழி கிடையாது. சிக்கல் வேறு இடத்தில் இருக்கிறது. தவறே செய்யாதவனிடம் ஒருமுறைகூட வெல்ல முடியாது. எதிராளி பிசகிய நிலைகளே பயிற்சியில் வராததால், அவற்றின் வரிசைகளெல்லாம் தொடக்கத்தில் போட்ட 0.5-லேயே உட்கார்ந்திருக்கும். முடிந்த நிலைகளுக்கு மதிப்பு முன்பே இருப்பதால், ஒரே நகர்வில் வெல்லும் வாய்ப்பை நிரல் பார்த்துவிடும். இரட்டை மிரட்டல் அமைத்தால் வெற்றி என்பதை மட்டும் அதற்கு யாரும் காட்டவில்லை. எதிராளி முதல் நகர்விலேயே கோட்டைவிட்டாலும் இந்த நிரல் பணிவாகச் சமன் செய்துவிட்டு எழுந்துபோகும். தவிர, விடைத்தாளையே ஆசிரியராக்கிவிட்டால் கற்றல் எதற்கு என்ற கேள்வியும் நிற்கிறது. மினிமேக்ஸைத் தேர்வு வைப்பவராக மட்டும் வைத்துக்கொள்வது நல்லது.

மூன்றாவது, தன்னோடு தானே ஆடுவது. அட்டவணை ஒன்றுதான், எக்ஸ் முறையில் பெரிய எண்ணைத் தேடும், ஓ முறையில் சிறியதை. பத்தில் ஒரு நகர்வை, அதாவது எப்சிலான் 0.1 அளவுக்கு, கண்டபடி ஆட விடுகிறோம். நம் பொறி நிலையில் ஓ 3-இல் போட்டால், ஐந்தில் நான்கு முறை 7-ஐத் தவறவிட்ட எதிராளி இப்போது நூற்றுக்கு எட்டு முறைதான் தவறவிடும். ஓ தன் பங்குக்குப் பிசகாமல் ஆடுகிறது என்று வைத்துக் கணக்கிட்டால், ஓவின் பார்வையில் மூலைக்கு 0.13, ஓரத்துக்கு 0.57 வருகிறது. இடைவெளி 0.44. எண்ணின் அந்த ஊசலாட்டத்தால் இதை மறைக்க முடியாது. எதிராளி நம்மோடு சேர்ந்தே வளர்வதால் பிசகைத் தண்டிக்கவும் கற்கிறது, அவ்வப்போது பிசகுவதால் வெல்லும் வழியையும் காட்டுகிறது. என் ஓட்டு இதற்குத்தான்.

இதை எடுப்பவர்கள் முதலில் செய்யும் பிழை ஒன்று உண்டு. ஓ முறையிலும் பெரிய எண்ணையே தேடும்படி எழுதிவிடுவது. நிரல் முறிந்து விழாது, பிழைச் செய்தியும் வராது. இரண்டு பக்கமும் கைகோத்துக்கொண்டு எக்ஸை ஜெயிக்க வைக்கும், அவ்வளவுதான். அறிகுறி தெளிவானது: சில ஆயிரம் ஆட்டங்களுக்குப் பிறகு பெரும்பாலானவை ஐந்தே நகர்வில் எக்ஸ் வெற்றியாக முடியும், தொடக்க நகர்வுகளின் மதிப்பு 1-ஐ நோக்கி ஏறும். சரியாகக் கற்ற அட்டவணையில் அந்த ஒன்பது எண்களும் 0.5 பக்கத்தில்தான் நிற்க வேண்டும், ஏனென்றால் எந்தக் கட்டத்தில் தொடங்கினாலும் சரியான ஆட்டம் சமனில்தான் முடியும்.

அடுத்து, ஆட்டம் முடிந்தபின் எண்களை எப்படித் திருத்துவது? இங்கே இரண்டு வழி. முடிவை அந்த ஆட்டத்தில் வந்த எல்லா நிலைகளுக்கும் நேராகப் பங்கிடலாம். அல்லது ஒவ்வொரு நிலையும் தனக்கு அடுத்த நிலையின் மதிப்பை நோக்கிச் சிறிது நகரலாம். இரண்டாவதை ரிச்சர்ட் சட்டன் 1988-இல் கால வேறுபாட்டுக் கற்றல் என்று முறைப்படுத்தினார். நம் பொறி நிலையையே தொடர்ந்து ஆடிப் பார்ப்போம். ஓ சரியாக 2-இல் போடுகிறது. எக்ஸ் 8-ஐத் தடுக்க வேண்டும். ஆனால் இது பத்தில் ஒன்றாக வரும் கண்டபடி நகர்வு என்பதால் 3-இல் போட்டுவிடுகிறது. ஓ 8-இல் போட்டு வெல்கிறது.

முடிவை நேராகப் பங்கிட்டால், எக்ஸ் மூலையில் தொடங்கிய நிலையிலிருந்து எல்லாமே 0.5-இலிருந்து 0.45-க்கு இறங்கும். கடைசியில் செய்த ஒரு கோமாளித்தனத்துக்கு முதல் நகர்வு பழி சுமக்கிறது. அடுத்த நிலையைத் துரத்தும் முறையில், பின்னாலிருந்து முன்னால் வந்தால், 3-இல் போட்ட நிலை 0.45 ஆகும், அதற்கு முந்தியது 0.495, அதற்கும் முந்தியது 0.4995. பழி குறைந்துகொண்டே போகிறது, ஆனாலும் இருக்கிறது. அதையும் நிறுத்த ஒரே நிபந்தனை போதும்:

```python
def learn(V, path, alpha):
    pairs = list(zip(path, path[1:]))
    for (s, _), (nxt, explored) in reversed(pairs):
        if not explored:
            V[s] += alpha * (V[nxt] - V[s])
```

`path` என்பது இரு பக்கத்து நகர்வுகளுக்கும் பிறகு வந்த நிலைகளின் பட்டியல். `explored` அந்த நிலைக்குக் கண்டபடி நகர்வால் வந்தோமா என்று சொல்லும். கண்டபடி நகர்வைத் தாண்டி மதிப்பு பின்னால் கசியாது. ஆகவே 3-இல் போட்ட நிலை மட்டும் 0.45 ஆகும், அதற்கு முந்தியவை அசையாது. பிசகு எங்கே நடந்ததோ அங்கேயே பாடம் நிற்கும். பட்டியலைப் பின்னாலிருந்து படிப்பதிலும் லாபம் உண்டு. முன்னாலிருந்து திருத்தினால் ஓர் ஆட்டத்துக்கு ஒரு படிதான் செய்தி பின்னோக்கி நகரும். ஒன்பது நகர்வு ஆட்டத்தின் முடிவு தொடக்கத்தை எட்டவே எட்டு ஆட்டம் ஆகும்.

இவ்வளவும் சரியாக எழுதியபின் வரும் பெரிய ஏமாற்றம், பயிற்சியில் எல்லா ஆட்டமும் சமனாகிவிட்டது, ஆகவே கற்றுவிட்டது என்று நினைப்பது. இரண்டு பக்கமும் ஒரே தடத்தில் ஆடிப் பழகியிருந்தாலும் சமன்தான் வரும். அந்தத் தடத்துக்கு வெளியே உள்ள வரிசைகள் 0.5-லேயே இருக்கும். நம் ஏற்பாட்டில் சமனுக்கும் 0.5, பார்த்தேயிராத நிலைக்கும் 0.5. அட்டவணையைப் பார்த்து எது ஆராய்ந்த சமன், எது வெறும் அறியாமை என்று சொல்ல முடியாது. அதனால் எண்ணுக்குப் பக்கத்தில் எத்தனை முறை வந்தோம் என்ற எண்ணிக்கையையும் வையுங்கள். சுழியம் எத்தனை என்று பார்த்தால் கண் திறக்கும்.

எப்சிலான் 0.1 இருக்கிறதே, போதாதா? ஒரு நிலையை எட்ட, வழக்கமான தடத்திலிருந்து மூன்று குறிப்பிட்ட விலகல்கள் வேண்டும் என்று கொள்வோம். ஒவ்வொரு முறையும் ஏழு கட்டங்கள் காலி என்று தோராயமாக வைத்தால், ஒரு விலகலுக்கு வாய்ப்பு 70-இல் ஒன்று. மூன்றும் சேர்ந்து வர ஏறத்தாழ 3.4 லட்சத்தில் ஒன்று. 1 லட்சம் ஆட்டம் ஓட்டியும் அந்த நிலையைப் பார்க்காமலே போகும் வாய்ப்புதான் அதிகம். எப்சிலானை ஏற்றுவதைவிட, ஆட்டத்தைத் தொடங்கும் இடத்தை மாற்றுவது மலிவு. ஆட்டம் இன்னும் முடிந்திராத நிலைகள் 4,520. ஒவ்வோர் ஆட்டத்தையும் அவற்றில் ஏதோ ஒன்றிலிருந்து தொடங்கினால், 1 லட்சம் ஆட்டத்தில் ஒவ்வொரு நிலையும் சராசரியாக 22 முறை தொடக்கமாகவே வந்துவிடும்.

தேர்வு எப்படி வைப்பது? கண்டபடி எதிராளியோடு ஆயிரம் ஆட்டம் ஆடவைத்துச் சதவீதம் பார்ப்பவர்கள் உண்டு. அது தேவையில்லை, முழுத் தேர்வே சாத்தியம். பயிற்சியை நிறுத்தி, எப்சிலானைச் சுழியமாக்கி, நிரல் அட்டவணைப்படி மட்டும் ஆடட்டும். எதிராளி இருக்கும் எல்லா நகர்வுகளையும் ஒவ்வொன்றாக முயலட்டும். நிரல் எக்ஸ் என்றால் எதிராளிக்கு 8, 6, 4, 2 என்று தேர்வுகள், பெருக்கினால் அதிகபட்சம் 384 ஆட்டங்கள். நிரல் ஓ என்றால் 9, 7, 5, 3, 1, அதாவது 945. மொத்தம் 1,329-க்குள் முடிந்துவிடும், பல ஆட்டங்கள் முன்பே முடிவதால் உண்மையில் இன்னும் குறைவு. இதில் ஒரு தோல்விகூட இருக்கக் கூடாது. ஒன்றே ஒன்று இருந்தாலும் அந்த நகர்வு வரிசையை அச்சிட்டு, வழியில் உள்ள நிலைகளின் எண்ணையும் வருகை எண்ணிக்கையையும் பாருங்கள். எண்ணிக்கை சுழியமாகவோ ஓரிரண்டாகவோ இருந்தால் பயிற்சி எட்டவில்லை. நூற்றுக்கணக்கில் இருந்தும் எண் தவறாக இருந்தால் திருத்தும் வரியில் பிழை. ஒரே மதிப்புள்ள நகர்வுகளில் நிரல் சீட்டுக்குலுக்கித் தேர்வதாக எழுதியிருந்தால், அந்தச் சமமான நகர்வுகள் எல்லாவற்றையும் தேர்வில் கிளைவிட்டுப் பார்க்க வேண்டும். ஆட்டங்கள் கூடும், ஆனாலும் நொடிகள்தான். தோல்வி இல்லை என்றானபின், மினிமேக்ஸ் வெற்றி என்று சொல்லும் இடத்தில் நிரல் சமனோடு விட்டது எத்தனை முறை என்பதையும் எண்ணுங்கள். மினிமேக்ஸ் எதிராளியோடு பழகிய அட்டவணை சிக்குவது இந்த இரண்டாவது எண்ணில்தான்.

கண்டபடி நகர்வைத் தாண்டி மதிப்பைக் கசியவிடாதீர்கள் என்றேன். அதற்கு ஒரு விலை உண்டு. கசிவில்லாமல் நன்றாகப் பழகிய அட்டவணையில் ஒன்பது தொடக்க நகர்வுகளும் 0.5-இல் வந்து நிற்கும். கோட்பாட்டில் அது சரி. மனிதரோடு ஆடும்போது அது மொண்ணை. எக்ஸ் மூலையில் தொடங்கினால் எட்டுப் பதில்களில் நடுக்கட்டம் ஒன்றுதான் ஓவைக் காப்பாற்றும், மற்ற ஏழும் தோல்வி. நடுவில் தொடங்கினால் நான்கு மூலைகளும் பாதுகாப்பு, நான்கு ஓரங்கள்தான் தோல்வி. ஓரத்தில் தொடங்கினாலும் பாதிக்குப் பாதிதான். பிசகக்கூடிய எதிராளி என்றால் மூலைதான் நல்ல தொடக்கம், ஆனால் கறாரான அட்டவணைக்கு அது தெரியாது. கசிவை அனுமதித்த அட்டவணையோ, எதிராளி பத்தில் ஒருமுறை தடுமாறுவான் என்பதை எண்ணுக்குள் வாங்கிவைத்திருப்பதால், பொறி அதிகமுள்ள தொடக்கத்துக்குச் சற்றுக் கூடுதல் மதிப்பு தரும். பாடத்துக்காக எழுதுகிறீர்கள், விடைத்தாளோடு ஒப்பிட வேண்டும் என்றால் கசிவை அடையுங்கள். பிள்ளைகள் ஆடும் செயலிக்கு என்றால் திறந்துவிடுங்கள்.

நானாக இருந்தால் அட்டவணையில் ஒவ்வொரு நிலைக்கும் எதிரே இரண்டு எண் பத்திகள் வைப்பேன். முதல் பத்தி கசிவில்லாமல், தன்னோடு தானே ஆடி, எங்கிருந்தும் தொடங்கி வந்த எண். எந்த நகர்வுகள் பாதுகாப்பு என்பதை அதுவே முடிவு செய்யட்டும். இரண்டாவது பத்தியில், அந்த நிரலைக் கண்டபடி எதிராளியோடு ஆடவிட்டுக் கிடைத்த சராசரி. முதல் பத்தியில் இரண்டு நகர்வுகளுக்கு இடையே 0.02-க்குள் வித்தியாசம் என்றால் மட்டும் இரண்டாவதைப் பார்க்கட்டும். மூலைப் பொறியில் 0.067 என்று மெலிந்து நின்று நம்மைத் தவறான பக்கம் தள்ளப் பார்த்த அதே எண், பாதுகாப்பான நகர்வுகளுக்குள் எதிராளி அதிகம் தடுக்கி விழும் நகர்வு எது என்று பிரிக்க இங்கே உதவும்.